பெருமமா, சிறுமமா, முனையா? இரண்டாம் வகைக்கெழுச் சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பெரும மதிப்பு காண்க’ என்று கணக்கு வந்தால் f′ = 0 போட்டு x கண்டுபிடிக்கும் வரை எல்லோரும் சரியாகத்தான் போகிறார்கள். தகராறு அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. என்னிடம் படிக்கும் பிள்ளைகள் வருஷா வருஷம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன், முடிந்தவரை ஒரே கணக்கை வைத்தே பதில் சொல்கிறேன்.

கணக்கு இதுதான். 100 செ.மீ நீளமுள்ள ஒரு கம்பியை இரண்டாக வெட்டி, ஒரு துண்டைச் சதுரமாகவும் இன்னொன்றை வட்டமாகவும் வளைக்கிறோம். இரண்டும் சேர்ந்து அடைக்கும் பரப்பு எப்போது மிக அதிகம்? சதுரத்துக்குப் போகும் துண்டை x என்று வைத்துக்கொண்டால் சதுரத்தின் பக்கம் x/4, வட்டத்தின் சுற்றளவு 100 − x. சுற்றளவு c உள்ள வட்டத்தின் பரப்பு c²/(4π) என்பதால்,

A(x) = x²/16 + (100 − x)²/(4π)

f′ = 0 போட்டு x வந்துவிட்டதே, அதுதானே விடை? இன்னும் என்ன சரிபார்க்க வேண்டும்?

வந்த x-ஐ இந்தக் கணக்கிலேயே போட்டுப் பாருங்கள். A′(x) = x/8 − (100 − x)/(2π). இதைப் பூச்சியமாக்கினால் x = 400/(π + 4), அதாவது கிட்டத்தட்ட 56.01 செ.மீ. அதை A-யில் போட்டால் பரப்பு 350.06 ச.செ.மீ. அடிக்கோடு போட்டு ‘பெருமப் பரப்பு = 350.06’ என்று எழுதிவிட்டுப் பெரும்பாலானவர்கள் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள்.

இப்போது கம்பியை வெட்டாமல் முழுசாக வட்டமாக வளையுங்கள். 10000/(4π), அதாவது 795.77 ச.செ.மீ. முழுசாகச் சதுரமாக்கினால்கூட 625 வருகிறது. நாம் பெருமம் என்று கோடு போட்ட 350.06 இந்தக் கம்பியால் அடைக்கக்கூடிய பரப்புகளிலேயே மிகக் குறைவானது! கேட்டதற்கு நேர் எதிரான விடை.

f′ = 0 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த இடத்தில் தொடுகோடு படுக்கையாக இருக்கிறது. மலை உச்சியிலும் படுக்கை, பள்ளத்தின் அடியிலும் படுக்கை, ஏறிக்கொண்டே போகும் வழியில் ஒரு நொடி சமமாகி மறுபடி ஏறும் இடத்திலும் படுக்கை. மூன்றில் எது என்று அது சொல்வதில்லை. நானும் பிளஸ் டூ மாதிரித் தேர்வில் இதே மாதிரிக் கணக்கில் இப்படித்தான் எழுதினேன், அரைப் பக்க வகையிடல் முழுக்கச் சரி, கடைசி வரி மட்டும் தலைகீழ். ஆசிரியர் அந்த வரியைச் சுழித்துவிட்டுப் பக்கத்தில் ‘வட்டம் போட்டுப் பார்’ என்று மட்டும் எழுதியிருந்தார். எதற்கு வட்டம் போடச் சொல்கிறார் என்று புரியவே ஒரு நாள் ஆனது.

f″ நேர்க்குறி வந்தால் சிறுமம், எதிர்க்குறி வந்தால் பெருமம். ஏன் இப்படித் தலைகீழாக இருக்கிறது? எனக்கு எப்போதும் மாறிப்போகிறது.

f″ என்பது வளைகோட்டின் உயரத்தைப் பற்றிய எண் அல்ல, சாய்வு எப்படி மாறுகிறது என்பதைப் பற்றிய எண். அதைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடம் தேவையில்லை.

நம் கணக்கில் A″ = 1/8 + 1/(2π), சுமார் 0.284, நேர்க்குறி. அப்படியென்றால் x கூடக் கூடச் சாய்வு கூடிக்கொண்டே போகிறது. 56.01-இல் சாய்வு பூச்சியம். அப்போது அதற்குச் சற்று முன்னால் என்ன இருந்திருக்க வேண்டும்? பூச்சியத்தைவிடக் குறைவு, அதாவது எதிர்க்குறி. சற்றுப் பின்னால் நேர்க்குறி. கணக்குப் போட்டே பார்க்கலாம்: A′(55) = −0.287, A′(57) = +0.281. இறங்கி வந்து, சமமாகி, ஏறுகிறது. அது பள்ளம்தானே. f″ எதிர்க்குறி என்றால் ஏறி வந்து, சமமாகி, இறங்குகிறது, அது மேடு.

இப்படி யோசித்தால் இன்னொரு லாபம், வகையிடலில் எங்கேயாவது குறி தவறிப்போயிருந்தாலும் தெரிந்துவிடும். f″ போட்டு முடித்த பிறகும் சந்தேகமாக இருந்தால் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு எண்ணை எடுத்து நேராக A-யிலேயே போடுங்கள். A(50) = 355.19, A(60) = 352.32, நடுவில் 350.06. நடுவில் இருப்பது சிறியது, ஆகவே சிறுமம். தேர்வுத்தாளில் இதை நிரூபணம் என்று ஏற்க மாட்டார்கள், ஆனால் உங்கள் f″ சரியா என்று ரஃப் தாளில் பார்த்துக்கொள்ள இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

f″ < 0 என்று வந்துவிட்டால் பெருமம் உறுதி. அப்புறம் எதற்கு முனைப்புள்ளிகளையும் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்?

உறுதியானது ‘இடஞ்சார்ந்த பெருமம்’ மட்டும்தான். அந்த வார்த்தையில் இருக்கும் ‘இடஞ்சார்ந்த’ என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. f″ அந்த ஒரு புள்ளியில் கணக்கிடப்பட்ட எண், அதனால் அது பக்கத்து வீடு வரைக்கும்தான் பேசும், தெருமுனையில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

f(x) = x³ − 3x என்ற சார்பை [−2, 3] என்ற இடைவெளியில் எடுத்துக்கொள்ளுங்கள். f′ = 3x² − 3, ஆகவே x = −1, x = 1. f″ = 6x. x = −1-இல் f″ = −6, பெருமம், மதிப்பு 2. சோதனை ஒரு தப்பும் சொல்லவில்லை, −1-க்கு அக்கம்பக்கத்தில் 2-ஐவிட உயரம் எதுவும் இல்லை. ஆனால் வலது முனையில் f(3) = 18. கேள்வி ‘இந்த இடைவெளியில் மீப்பெரு மதிப்பு என்ன’ என்றால் விடை 18, 2 அல்ல.

சிறுமத்தில் இன்னொரு வேடிக்கை. f(1) = −2, f(−2)-உம் −2. மீச்சிறு மதிப்பு ஒன்றே, ஆனால் அது இரண்டு இடத்தில் கிடைக்கிறது, ஒன்று உள்ளே, ஒன்று முனையில். ‘எந்த x-இல்’ என்று கேட்டிருந்தால் இரண்டையும் எழுதினால்தான் விடை முழுமை.

சரி, முனைப்புள்ளியிலும் f″ போட்டுப் பார்த்து அது பெருமமா சிறுமமா என்று முடிவு செய்யலாமா?

கூடாது. நான் திருத்தும் தாள்களில் அதிகம் பார்க்கும் தவறு இதுதான், பார்க்க நேர்த்தியாகவும் இருக்கும், அதனால் எழுதியவருக்குச் சந்தேகமே வராது.

கம்பிக் கணக்கில் A″ எல்லா இடத்திலும் 0.284-தான். x = 0-இலும் நேர்க்குறிதான். சோதனையை அங்கே பிரயோகித்தால் ‘x = 0 ஒரு சிறுமம்’ என்று வரும். ஆனால் x = 0-இல்தான் பரப்பு 795.77, இருப்பதிலேயே அதிகம். சோதனை பொய் சொல்லவில்லை. f′ = 0 ஆகும் இடத்தில் மட்டுமே செல்லும் சோதனையை f′ = 0 ஆகாத இடத்தில் நாம் போட்டுவிட்டோம். x = 0-இல் சாய்வு பூச்சியம் அல்ல, A′(0) = −100/(2π), சுமார் −15.9.

முனையில் பார்க்க வேண்டியது f′-இன் குறியை. இடது முனையில் சாய்வு எதிர்க்குறி என்றால், முனையிலிருந்து உள்ளே காலடி வைத்ததுமே இறக்கம். அப்படியானால் முனை பக்கத்து இடங்களைவிட உயரம். வலது முனையில் A′(100) = 12.5, நேர்க்குறி, உள்ளே இருந்து முனையை நோக்கி ஏறி வருகிறோம், ஆகவே அந்த முனையும் உயரம். ஒரு பக்கமாகச் சரித்துக் கட்டிய ஓட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள், அதன் மிக உயரமான இடம் சுவரை ஒட்டிய விளிம்பு, அங்கே ஓடு படுக்கையாகவா இருக்கிறது?

நம் கம்பிக்கு இரண்டு முனையும் மேடு, நடுவில் ஒரே பள்ளம். இரண்டு மேட்டில் எது பெரிது என்பதைக் குறி சொல்லாது. மதிப்பைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்: 795.77, 625.

அப்படியானால் மூடிய இடைவெளி கொடுத்திருந்தால் f″ தேவையே இல்லையா?

மீப்பெரு, மீச்சிறு மதிப்பு மட்டும் கேட்டால் தேவையில்லை. மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்புக்கு மீப்பெரு மதிப்பும் மீச்சிறு மதிப்பும் கட்டாயம் உண்டு என்பது வயர்ஸ்ட்ராஸ் பெயரில் வழங்கும் தேற்றம். அவை இருக்கக்கூடிய இடங்கள் மூன்று வகைதான்: f′ = 0 ஆகும் புள்ளிகள், f′ இல்லாத புள்ளிகள், இரண்டு முனைகள். அத்தனை இடத்திலும் மதிப்பைப் போட்டு வரிசையாக எழுதினால் பெரியது பெரியது, சிறியது சிறியது. கணினி பக்கத்தில் இருந்தால் இவ்வளவுதான் வேலை:

```
from math import pi
A = lambda x: x*x/16 + (100-x)**2/(4*pi)
for x in (0, 400/(pi+4), 100):
    print(round(x, 2), round(A(x), 2))
```

0-க்கு 795.77, 56.01-க்கு 350.06, 100-க்கு 625.0 என்று மூன்று வரி வரும். விடை அதிலேயே இருக்கிறது.

f-ஐ ஒரு முறை வகையிட்டாலே ஒரு பக்கம் ஆகிற மாதிரி, மேலும் கீழும் வர்க்கமூலங்களாக இருந்தால், மூடிய இடைவெளியில் நான் f″ பக்கமே போக மாட்டேன். ஆனால் கேள்வியிலேயே ‘இரண்டாம் வகைக்கெழுச் சோதனையைப் பயன்படுத்தி’ என்று இருந்தால் போட்டுத்தான் ஆக வேண்டும், மதிப்பெண் அதற்கு. ‘இடஞ்சார்ந்த’ பெருமம் சிறுமம் கேட்டாலும், இடைவெளிக்கு முனையே இல்லாவிட்டாலும் f″ வேண்டும்.

x = 0 என்றால் கம்பியை வெட்டவே இல்லையே. ‘இரண்டாக வெட்டி’ என்றுதானே கணக்கு சொல்கிறது?

நல்ல கேள்வி. இதை யோசிக்காமல் முனையைப் பேசவே முடியாது. சார்பகத்தை A(x) என்ற வாய்பாட்டிலிருந்து எடுக்க முடியாது, கணக்கின் வார்த்தைகளிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

வெட்டாமல் விடுவதும் அனுமதி என்றால் இடைவெளி [0, 100], மீப்பெரு மதிப்பு 795.77. கட்டாயம் இரண்டு துண்டும் இருக்க வேண்டும் என்றால் இடைவெளி (0, 100), முனைகள் சேராது. அப்போது விடை ‘மீப்பெரு மதிப்பு இல்லை’. x = 1 வைத்தால் சுமார் 780, x = 0.1 வைத்தால் அதைவிட அதிகம், 795.77-ஐ நெருங்கிக்கொண்டே போகலாம், தொட முடியாது. ‘இல்லை’ என்று எழுதக் கை நடுங்கும், ஆனால் அதுதான் சரியான விடை. மீச்சிறு மதிப்புக்கு இதனால் ஒன்றும் ஆகாது, அது உள்ளே 56.01-இல் பத்திரமாக இருக்கிறது.

நிஜ வேலையில் கணக்கு இப்படி அந்தரத்தில் நிற்காது, ஏதாவது ஒரு எல்லை இருக்கும். 10 செ.மீ-க்குக் குறைந்த துண்டை வளைக்க முடியாது என்று வையுங்கள், இடைவெளி [10, 90] ஆகிவிடும். A(10) = 650.83, A(90) = 514.21. இப்போது மீப்பெரு மதிப்பு 650.83, x = 10-இல். வாய்பாடு மாறவில்லை, A′ மாறவில்லை, A″ மாறவில்லை, விடை மட்டும் மாறிவிட்டது.

f′ = 0 தரும் x இடைவெளிக்கு வெளியே வந்தால் என்ன செய்வது?

அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முனைகளை மட்டும் ஒப்பிட வேண்டும். சொல்ல எளிது, ஆனால் வெளியே வந்திருக்கிறது என்பதைக் கவனிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அந்த x-க்கும் வாய்பாடு ஒரு மதிப்பைத் தந்துவிடும். அதற்கு ஒரு படகுக் கணக்கு.

நேரான கரை. கரையிலிருந்து 3 கி.மீ தள்ளிக் கடலில் ஒரு படகு. படகுக்கு நேர் எதிரே கரையில் இருக்கும் புள்ளியிலிருந்து d கி.மீ தூரத்தில், கரையிலேயே, ஊர். துடுப்புப் போட்டால் மணிக்கு 4 கி.மீ, கரையேறி நடந்தால் மணிக்கு 5 கி.மீ. எதிர்ப்புள்ளியிலிருந்து x தூரத்தில் கரையேறினால் ஆகும் நேரம்

T(x) = √(9 + x²)/4 + (d − x)/5, 0 ≤ x ≤ d

T′ = x/(4√(9 + x²)) − 1/5. பூச்சியமாக்கினால் 5x = 4√(9 + x²), ஆகவே x = 4. இதில் d எங்கேயாவது வந்ததா? வரவில்லை. ஊர் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் வகையிடல் ‘4 கி.மீ’ என்றே சொல்லும். T″ = 9/(4(9 + x²)^(3/2)), எப்போதும் நேர்க்குறி, ஆகவே சோதனையும் ‘சிறுமம்தான், போ’ என்று முத்திரை குத்திவிடும்.

d = 6 என்றால் எல்லாம் சரி. T(4) = 1.65 மணி, அதாவது 99 நிமிடம். T(0)-க்கு 117 நிமிடம், T(6)-க்கு 100.6 நிமிடம். உள்ளே கிடைத்ததே சிறுமம்.

d = 2 என்றால்? x = 4 என்பது ஊரைத் தாண்டி 2 கி.மீ. அதை யோசிக்காமல் T(4) போட்டால் 5/4 + (2 − 4)/5 = 0.85 மணி, 51 நிமிடம் என்று வரும். முனைகள் தருவது T(0) = 69 நிமிடம், T(2) = 54.1 நிமிடம். 51 தானே சிறியது என்று எழுதிவிட்டு வருகிறார்கள். அந்த 51-க்குள் என்ன இருக்கிறது பாருங்கள்: நடைக்கு ஆன நேரம் −2/5 மணி, அதாவது கழித்தல் 24 நிமிடம். நடக்க நடக்கக் கடிகாரம் பின்னால் ஓடுகிறது! சரியான விடை x = 2, அதாவது ஊரை நோக்கி நேராகத் துடுப்புப் போட வேண்டியதுதான்.

இந்த மாதிரி இடங்களில் f″ உதவவே உதவாது. x-ஐக் கண்டுபிடித்ததும் முதலில் அது இடைவெளிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், f″ அதற்கு அடுத்து.

f″ = 0 வந்தால் அது வளைவு மாற்றப் புள்ளி என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. f″ = 0 என்றால் சோதனை கைவிரித்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். x⁴, −x⁴, x³ மூன்றையும் x = 0-இல் பாருங்கள், மூன்றுக்கும் f′ = 0, f″ = 0. முதலாவது சிறுமம், இரண்டாவது பெருமம், மூன்றாவது இரண்டும் இல்லை.

கைவிரித்தால் f′-இன் குறிக்குத் திரும்பிப் போக வேண்டும். f(x) = x⁴ − 4x³ என்று ஒரு கணக்கு. f′ = 4x²(x − 3), ஆகவே x = 0, x = 3. f″ = 12x(x − 2). x = 3-இல் f″ = 36, சிறுமம், மதிப்பு −27, பிரச்சினை இல்லை. x = 0-இல் f″ = 0. இப்போது f′-ஐப் பாருங்கள். x² எப்போதும் எதிர்க்குறி ஆகாது, பூச்சியத்துக்குப் பக்கத்தில் (x − 3) எதிர்க்குறி, ஆகவே x = 0-க்கு முன்னாலும் இறக்கம், பின்னாலும் இறக்கம். பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. f″-இன் குறி 0-இல் மாறுவதால் இங்கே அது வளைவு மாற்றப் புள்ளிதான், ஆனால் குறி மாறியதைக் காட்டிய பிறகே அப்படி எழுதலாம். x⁴-இல் f″ = 12x², பூச்சியத்தின் இரண்டு பக்கமும் நேர்க்குறி, அங்கே வளைவு மாற்றம் இல்லை.

f′ இல்லாத புள்ளியில் என்ன செய்வது? அங்கே f″ எப்படி வரும்?

வராது. ஆனால் அந்தப் புள்ளியும் மாறுநிலைப் புள்ளிதான், பட்டியலில் சேர்க்க வேண்டும். படகுக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். d = 2 என்று வைத்து, ஊரைத் தாண்டிக் கரையேறித் திரும்பி நடந்து வருவதும் அனுமதி என்று எழுதினால், நடை நேரம் |2 − x|/5 ஆகிவிடும். இப்போது x = 2 முனை அல்ல, நடுவில் இருக்கும் ஒரு கூர். அதற்கு இடப்பக்கம் சாய்வு −0.061, வலப்பக்கம் +0.339. பூச்சியம் வழியாகப் போகவே இல்லை, ஒரே தாவலாகத் தாவிவிட்டது. ஆனாலும் இறங்கி ஏறியது, ஆகவே சிறுமம், அதே 54.1 நிமிடம்.

கூர் உள்ள இடத்தில் அக்கம்பக்கத்து f″-ஐ நம்பி ஏமாறவும் வாய்ப்பு உண்டு. x^(2/3) என்ற சார்பில் x = 0 தவிர எல்லா இடத்திலும் f″ எதிர்க்குறி. ‘எங்கும் எதிர்க்குறி, ஆகவே x = 0 பெருமம்’ என்று எழுதினால் போச்சு, அங்கே மதிப்பு 0, மற்ற இடங்களில் எல்லாம் நேர்க்குறி, அது மீச்சிறு மதிப்பு.

இடைவெளிக்கு முனையே இல்லாவிட்டால், உதாரணமாக r > 0 என்று மட்டும் இருந்தால், எதை ஒப்பிடுவது?

முனைக்குப் பதிலாக, அந்தப் பக்கம் போகப் போகச் சார்பு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த டப்பா கணக்கு: 1000 க.செ.மீ கொள்ளும் மூடியோடு கூடிய உருளை டப்பா, தகரம் மிகக் குறைவாக ஆக வேண்டும். S(r) = 2πr² + 2000/r. S′ = 4πr − 2000/r² = 0 என்றால் r³ = 500/π, r சுமார் 5.42 செ.மீ, உயரம் 10.84 செ.மீ, தகரம் சுமார் 553.6 ச.செ.மீ.

r பூச்சியத்தை நெருங்கினால் 2000/r எகிறுகிறது, டப்பா ஊசி மாதிரி நீண்டுவிடும். r பெரிதானால் 2πr² எகிறுகிறது, டப்பா தாம்பாளம் மாதிரி அகன்றுவிடும். இரண்டு பக்கமும் மேலே போவதால் நடுவில் கிடைத்த ஒரே மாறுநிலைப் புள்ளி மீச்சிறு மதிப்பைத்தான் தர முடியும். இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: S″ = 4π + 4000/r³, r > 0 முழுக்க நேர்க்குறி. ஒரு புள்ளியில் மட்டும் அல்லாமல் இடைவெளி முழுக்க f″ ஒரே குறியில் இருந்தால் அப்போது f″ தெருமுனை வரைக்கும் பேசும், கிடைத்த சிறுமம் இடஞ்சார்ந்தது மட்டும் அல்ல, மீச்சிறு மதிப்பே. விடைத்தாளில் ‘S″ > 0’ என்று மொட்டையாக எழுதாமல் ‘எல்லா r > 0-க்கும் S″ > 0’ என்று எழுதுங்கள். இரண்டு வார்த்தைதான் கூடுதல், ஆனால் வாதம் முழுமையாவது அதில்தான்.

இதே கணக்கில் தகரம் மிக அதிகமாக எப்போது ஆகும் என்று கேட்டால், அதற்கு விடை கிடையாது.

f″-இன் குறியை மட்டும்தான் பார்க்க வேண்டுமா, 0.284 என்ற எண்ணுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

தேர்வுக்குக் குறி போதும். வெட்டுகிறவருக்கு எண்தான் வேண்டும். f′ = 0 ஆகும் இடத்திலிருந்து h அளவு தவறி வெட்டினால் மதிப்பு மாறுவது கிட்டத்தட்ட ½ × f″ × h². கம்பியை 56.01-க்குப் பதிலாக 1 செ.மீ தள்ளி 57.01-இல் வெட்டிவிட்டால் பரப்பு ½ × 0.284 × 1, அதாவது 0.14 ச.செ.மீ கூடும். 350-இல் 0.14, கண்ணுக்கே தெரியாது. கெப்ளர் மதுப் பீப்பாய்களின் கொள்ளளவு பற்றி 1615-இல் வெளியிட்ட நூலிலேயே, பெருமத்துக்குப் பக்கத்தில் அளவைக் கொஞ்சம் மாற்றினால் கொள்ளளவு ஏறக்குறைய மாறுவதில்லை என்பதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். நியூட்டனும் லைப்னிட்ஸும் பிறப்பதற்கு முன்னால்.

முனையில் கதை வேறு. அங்கே சாய்வு பூச்சியம் அல்ல என்பதால் இழப்பு h²-ஆகச் சுருங்காது, நேராக h-உடனேயே போகும். முழு வட்டத்துக்குப் பதிலாக 1 செ.மீ துண்டைச் சதுரத்துக்கு விட்டுக்கொடுத்தால் பரப்பு 795.77-இலிருந்து 780.00-க்கு இறங்குகிறது. அதே 1 செ.மீ தவறு, அங்கே 0.14, இங்கே 15.77.